காராச்சேவு டப்பாவில் வைத்த கடிதம்

அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை எழுதினேன். முதல் முறை இரண்டு பக்கம் வந்தது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் முழுக்க என் அழுகை, என் அவமானம், எனக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். யாருக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தேனோ அவள் கடைசி நாலு வரியில்தான் வந்தாள். நன்றிக் கடிதம் என்று தலைப்புப் போட்டு ஒப்பாரி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதை நாலே வரியில் முடித்தேன். கஷ்ட காலத்தில் கூட இருந்ததற்கு நன்றி, என்றும் மறக்க மாட்டேன், கர்த்தர் உன்னையும் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பார். அதை யார் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பேர் மட்டும் மாற்றி அச்சடித்து விற்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதையும் கிழித்தேன். அன்றைக்கு அந்த நாலு வரியையே மடித்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் அவள் இன்று ஊரில் இருந்திருப்பாள்.

மூன்றாவதைத்தான் கொடுத்தேன்.

நான் நர்ஸ். விருதுநகரில் பிறந்து வளர்ந்தவள். சிவகாசிப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில், தீக்காய வார்டில், பதினாறு வருடம் வேலை பார்த்தேன். அறங்காவலர்களில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள். வார்டு ஃபேன்களில் அவர்கள் பேர் எழுதியிருக்கும். அவர்கள் கம்பெனியில் வெந்தவர்கள் அந்த ஃபேனுக்குக் கீழேயே படுத்துக் கிடப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. எல்லாம் பழகிவிடுகிறது, அதுதான் கேடு.

அவளும் அதே வார்டில் நர்ஸ், என்னைவிடப் பத்து வயது இளையவள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிப் படிக்க வைத்த பெண். புருஷன், எம். புதுப்பட்டி என்ற ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேன் டிரைவர். காலையில் ஊர் ஊராகப் போய் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடுவார். அவள் அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் பாதி வாக்கியம்தான். மீதியை நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பெனியில்தான் வெடித்தது. ஆறு பேரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒருவருக்கு முகம், நெஞ்சு, இரண்டு கை எல்லாம் போயிருந்தது. தீக்காயம் பட்டவர்கள் வந்த முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், பிள்ளைகளை விசாரிப்பார்கள். பார்க்கிறவர்கள் பிழைத்துவிடுவார் என்று நினைப்பார்கள். எங்களுக்குத் தெரியும். தொண்டை உள்ளே வீங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் குழாய் போட வேண்டி வரும், அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

அவரும் பேசினார். நான் ஒரு பக்கம் டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன். எதிர்ப் பக்கம் அவள், உடம்போடு ஒட்டிப்போன சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "மணிமருந்து ரூம்லக்கா. ஃபோர்மேன்ட்ட சொன்னேன், இது வேற மாதிரி இருக்குன்னு. கேக்கல. மருந்த மாத்திக் குடுத்துட்டாக, அதான் இப்பிடி ஆயிப்போச்சு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுப்பது, இன்னொன்று பட்டாசுக்குள் அடைப்பது. வானத்தில் போய்ப் பூவாய்ச் சிதறும் வெடிக்குள் வைக்கிற உருண்டைகள்தான் மணிமருந்து. அந்த அறையில் உட்காருகிறவர்கள், திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். எந்த மருந்து என்று எங்கள் ஊரில் யாரும் விளக்கிக் கேட்க மாட்டோம். பேசுகிற இடத்தை வைத்தே புரிந்துவிடும்.

ஆனால் அவர் பேசிய இடம் ஆஸ்பத்திரி. அவருடைய மைத்துனர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர், கோயில் பொங்கலுக்கு வந்திருந்தார். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று செல்போனில் வீடியோ படம் பிடித்தார். படம் கடைசி வரியில்தான் ஆரம்பிக்கிறது. வெந்த மனிதர், பக்கத்தில் டிரிப் பாட்டிலோடு நான், "மருந்த மாத்திக் குடுத்துட்டாக." எதிர்ப் பக்கம் நின்ற அவள் படத்திலேயே இல்லை.

மாலையில் நீதிபதி வாக்குமூலம் வாங்க வந்தபோது அவருக்குக் குழாய் போட்டாயிற்று. மூன்றாம் நாள் இறந்துபோனார். அன்றைக்கே அந்தப் படம் எல்லார் போனிலும் வந்துவிட்டது. தப்பான மருந்து கொடுத்துத் தொழிலாளியைக் கொன்ற நர்ஸ் என்று கீழே எழுதியிருந்தார்கள். என் தம்பி மகளுக்கே அது அவள் கல்லூரித் தோழிகள் குரூப்பில் வந்தது.

நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்கு வலி ஊசி போட்ட நேரத்தை முதலில் பதினொன்று பத்து என்று எழுதி, பிறகு அதன் மேலேயே பதினொன்று நாற்பது என்று திருத்தியிருந்தேன். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். புதிதாக வரும் பெண்களுக்கு நானே இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஆறு பேர் ஒரே நேரத்தில் கதறும்போது கை தானாக மேலேயே எழுதிவிட்டது. விசாரணையில் அந்த ஒரு எண்ணைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

மருந்து என்று அவர் எதைச் சொன்னார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வார்டைக் கூட்டுகிற அம்மாவுக்குத் தெரியும், கேன்டீன்காரருக்குத் தெரியும், விசாரணைக்கு உட்கார்ந்த அறங்காவலருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். நான் அவரிடம் சொன்னேன், "ஐயா, அவுக கம்பெனி மருந்தச் சொன்னாக." அவர் சிரித்தார். "நர்ஸம்மா ஊசியோட நிக்கிறப்ப ஒரு பேஷண்டு கம்பெனியப் பத்திப் பேசுவாராக்கும்?" என்றார். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். அன்றைக்கு டூட்டியில் இருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்னையும் அங்கேயே உட்கார வைத்துக் கேட்டார்கள். எல்லாரும் கவனிக்கவில்லை என்றார்கள். கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள்.

"கவனிக்கல சார்" என்றாள் அவளும். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றவர்கள் சொன்னால் சரி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவளும் சொல்லுகிறாளே. அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு அறைக்கு வந்து, வழக்கம்போல் என் எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். "சாப்பிடலயாக்கா?" என்றாள். நான் எழுந்து போய்விட்டேன்.

அந்த எதிர் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் பரவிய நாளிலிருந்து என்னோடு யாரும் சாப்பிடவில்லை. சண்டையில்லை, கேலியில்லை. நான் உட்காரும் மேஜையில் இடமிருந்தாலும் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் அக்கா என்றாள், எதிரிலேயே உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னதில்லை. எனக்குச் சமைக்கவே கை வராத நாட்களில் இரண்டாவது டப்பா ஒன்று கொண்டுவந்து என் பக்கம் தள்ளுவாள், அவ்வளவுதான். புளிச்சாதம், தயிர்ச்சாதம், ஏதோ ஒன்று.

இன்னொன்றும் செய்தாள். டூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்க வேண்டும். என்னிடமிருந்து ஒப்படைப்பு வாங்க எல்லாரும் பயந்தார்கள். சாட்சிக்கு இன்னொருத்தர் இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று ஒருத்தி சொன்னாள். இவள் தன் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்து, கட்டில் கட்டிலாக என்னோடு நடந்து, வாங்கிக் கையெழுத்துப் போடுவாள். நான் ஊசி ஏற்றும்போது கூடவே வந்து நின்று குப்பியின் பேரை வாய்விட்டு வாசித்து, நோட்டில் என் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதையும் போடுவாள். முதல் நாள் எனக்குக் கோபம் வந்தது. "எம்மேல ஒனக்கும் சந்தேகமா?" என்றேன்.

"இல்லக்கா. நாளைக்கு யாரும் ஒங்கள மட்டும் சொல்லக் கூடாதுல்ல" என்றாள்.

அப்படிப்பட்டவள்தான் கவனிக்கல சார் என்றாள். நான் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை. ஒன்பது நாளும் அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைத் தள்ளி, சாப்பிட்டீகளா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டுதான் அவளை வெறுத்தேன்.

பத்தாம் நாள் மேட்ரன் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "ஒருத்தி கவர்ல போட்டு எழுதிக் குடுத்திருக்கா. அரைப் பக்கம். அந்தாளு பேசுன முழு வாக்கியமும் இருக்கு. பெரிய டாக்டரும் நானும் மட்டும் படிச்சோம், அதுனாலதான் ஒன்ன வேலைய விட்டு அனுப்பல. யாருன்னு கேக்காத, யார்ட்டயும் சொல்லாத" என்றார். கேட்பதற்கு என்ன இருக்கிறது? கட்டிலுக்கு எதிர்ப் பக்கம் ஒருத்திதான் நின்றாள்.

அறங்காவலருக்கு முன்னால் கவனிக்கல சார் என்று சொன்னாளே, அது புருஷன் ஓட்டுகிற வேனுக்காக. கவர் எனக்காக. இரண்டையும் ஒருத்தி எப்படிச் சுமந்துகொண்டு எதிரில் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டாளோ தெரியாது. நான் மேட்ரன் அறையிலிருந்து நேராகக் கழிவறைக்குப் போய் அழுதேன்.

நியாயம் கிடைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து குறித்த குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு காகிதம் வந்தது. எந்த மருந்து என்று அதில் இல்லை. நேரத்தைத் திருத்தி எழுதியதற்கு எச்சரிக்கை. மல்லாங்கிணறில் அதே அறக்கட்டளை வைத்திருந்த சின்ன கிளினிக்குக்கு என்னை மாற்றினார்கள். வெடித்ததும் பூட்டிய கம்பெனி தீபாவளி சீசனுக்கு முன்னால் திறந்துவிட்டது. போனில் சுற்றிய படம் இன்னும் சுற்றுகிறது. இறந்தவருடைய மனைவி என்னை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினார். அவருக்கு நான் எதைச் சொல்லி விளக்க?

கிளம்புவதற்கு முன் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருந்தது. நேரில் சொல்ல முயன்றேன், அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அதனால்தான் கடிதம். மூன்றாவது கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. அதில் அவள் செய்தது மட்டும் இருந்தது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"தங்கச்சிக்கு, எல்லாரும் நின்றுகொண்டு சாப்பிட்டபோது நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் டூட்டி நேரத்துக்கு முன்னாலேயே வந்து என்னிடம் ஒப்படைப்பு வாங்கினாய். என் கையெழுத்துக்குக் கீழே உன் கையெழுத்தைப் போட்டாய். நான் உன்னோடு பேசாத ஒன்பது நாளும் எனக்குச் சோறு கொண்டுவந்தாய். அந்த மனிதர் மணிமருந்தைத்தான் சொன்னார் என்று, கேட்டதைக் கேட்டபடி நீ எழுதிக் கொடுத்தாய். அதனால்தான் இன்றைக்கும் நான் நர்ஸ். நீ பதிலுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அக்கா."

நல்ல கடிதம்தான். இன்றைக்குப் படித்தாலும் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைதான் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் செய்தது எதுவும் எந்த நோட்டிலும் இல்லை, நானாவது எழுதிவைக்கிறேன் என்று நினைத்தேன். ஆனால் மணிமருந்து என்ற அந்த வரியை எழுதும்போது நான் அவளை நினைக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். உலகத்தில் ஒரே ஒரு காகிதத்திலாவது அந்த வார்த்தை சரியாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த வரி எனக்காக நான் எழுதிக்கொண்டது. மேட்ரன் யாரிடமும் சொல்லாதே என்றாரே, அவளிடமே சொல்வதில் என்ன தப்பு என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அவள் டப்பா ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் பக்கம் யார் வீட்டு ஏனத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். சாத்தூர் காராச்சேவு வாங்கி நிரப்பி, கடிதத்தை மடித்து மேலே வைத்து மூடினேன். கடைசி நாள் ஷிப்ட் முடியும்போது அவள் கையில் கொடுத்து, "உள்ள லெட்டர் இருக்கு, வீட்டுல போயி நீ மட்டும் படி" என்றேன். சரிக்கா என்றாள். வாசலில் புருஷன் கம்பெனி வேனோடு நின்றார். அவளை அங்கேயே ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். வேன் நிறைய வேலை முடிந்து வந்த பெண்கள்.

பிறகு நடந்ததை அவள்தான் சொன்னாள். காலையிலிருந்து வெயிலில் கிடந்த பெண்கள், பசி. சேவு வாசனை வந்ததும் எங்கே, கொண்டாங்க என்று டப்பாவை வாங்கித் திறந்தார்கள். அவள் தடுப்பதற்குள் கடிதம் ஒருத்தி கைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அதை வாய்விட்டு வாசித்தாள். கெட்ட எண்ணத்தில் வாசிக்கவில்லை. பாதி வாசிக்கும்போதே கண்ணைத் துடைத்தாளாம். "யாத்தே, ஒங்க வீட்டம்மா எம்புட்டுப் பெரிய காரியம் பண்ணிருக்காக" என்று டிரைவரிடம் சொன்னாளாம். அவருக்குப் பொண்டாட்டி எழுதிக் கொடுத்தது அதுவரை தெரியாது. இன்னொருக்கா வாசிங்க என்றாராம், சந்தோஷத்தில். இன்னொருக்காவும் வாசித்தார்கள். அவள் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாரணாபுரம் தாண்டுவதற்குள் வேன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் கம்பெனி ஆபீசுக்கும் தெரிந்திருந்தது. அவரைக் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திட்டவில்லை. "சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார்களாம். வேறு கம்பெனிகளில் கேட்டார். எல்லா இடத்திலும் அதே பாப்போம்தான். தண்ணீர் லாரிக்காரர்கூட ஆள் போட்டாச்சே என்றார். அவளை மருத்துவமனையில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு அறையில் அவள் மேஜையில் யாரும் உட்காரவில்லை. நான் நாற்பது கிலோமீட்டர் தள்ளி மல்லாங்கிணறில், இருமலுக்கும் கால் புண்ணுக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எதிரில் உட்காரக்கூட என்னால் முடியவில்லை.

விஷயம் தெரிந்து போன் செய்தேன். பத்துத் தடவை எடுக்கவில்லை. பதினோராவது தடவை எடுத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், எதை எதையோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா எழுதுனீக?" என்றாள். "எனக்குத் தெரியாதா, நான் என்ன செஞ்சேன்னு?"



இரண்டு மாதம் கழித்து அவளே கிளினிக்குக்கு வந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம். புருஷனுக்குத் தூரத்தில், வேறு மாநிலத்தில், லாரி ஓட்டும் வேலை. பிள்ளைகளோடு அவளும் போகிறாள். அங்கே நர்ஸ் வேலை கிடைக்குமா என்று கேட்டேன். பாஷை தெரியாதேக்கா என்றாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் என் பக்கம் தள்ளினாள், பழையபடி. சாப்பிட்டீகளா என்று கேட்டாள். உள்ளே புளிச்சாதம் இருந்தது. இந்தத் தடவை எதிரில் உட்காரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

கிளம்பும்போது கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். "இத வீட்டுல வச்சிருந்தா அவுக எடுத்து எடுத்துப் படிக்காகக்கா. படிச்சிட்டு ஒண்ணும் பேச மாட்டேங்காக. கிழிக்க எனக்கு மனசு வரல. நீங்களே வச்சிக்கோங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவர்கள் இருவரும் இப்போது இந்தப் பக்கம் இல்லை, இனி வருவதாகவும் இல்லை. அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன், பேர் எதுவும் சொல்லாமல். அவளுடைய டப்பா என் அடுக்களையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க அவள் விலாசம் என்னிடம் இல்லை. கடிதத்தை அதற்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். காகிதத்தின் ஒரு ஓரம் முழுக்கச் சேவு எண்ணெய் படிந்து, தங்கச்சிக்கு என்ற வார்த்தை மட்டும் பின்பக்கம் வரைக்கும் தெரிகிறது.